இரண்டாவது அழைப்பு

ஓசூர் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குபவன் இளம்பரிதி. அவன் கண்ணயரும் நேரம் பார்த்துத்தான் சூப்பர்வைசர் ஓவர்டைமுக்குக் கூப்பிடுவார். அறைத்தோழன் கௌதம் போனை வாங்கி, காலை எட்டிலிருந்து மாலை நான்குவரை ‘தொந்தரவு செய்யாதே’ அட்டவணை போட்டான். போனில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டவர்கள் கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கும். சொந்த ஊரான கல்லாவியில் அப்பா, அம்மா இருவருக்கும் இருந்த ஒரே போனுக்கு நட்சத்திரம் போட்டார்கள்.

“அதே நம்பர் கால் மணி நேரத்துக்குள்ள ரெண்டாவது தடவை கூப்பிட்டா மணி அடிக்கும். இது இருக்கட்டுமா?”

“வேணாம்டா மாப்ள. அந்த மனுசன் ஒரு தடவையோட விடுற ஆளா? அதையும் அணைச்சுடு.”

கௌதம் சிரித்துக்கொண்டே அணைத்தான். அன்று இளம்பரிதி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினான்.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் எழுந்தபோது, தெரியாத நம்பரிலிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள் இருந்தன. திரும்பக் கூப்பிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்.

“நம்ம போன்ல சார்ஜ் இல்ல கண்ணு, இவரு போன்லதான் அடிச்சேன். அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் உங்கிட்டப் பேசணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. மத்தியானமே போயிட்டாரு.”

காரியம் முடிந்து திரும்பியவன் அட்டவணையை அழித்தான். இப்போது யார் கூப்பிட்டாலும் மணி அடிக்கிறது. சூப்பர்வைசர் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறான். பகலெல்லாம் விழித்துத்தான் கிடக்கிறான்.