இடைவெளி இல்லாத பெயர்கள்

ஆபீசர் சாரே, என் அக்காவின் ஆபரேஷன் நின்றுபோனதற்கு நீங்கள்தான் காரணம். கம்ப்யூட்டர் அல்ல. நெட்வொர்க் அல்ல. நீங்கள்.

பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டரில் பெயர் ஏற்றுவது என் வேலை. தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீட்டுக் கார்டு எடுக்க, செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் உள்ள பெயர்களை எக்செல்லில் அனுப்பும்படி மேல் ஆபீசில் சொன்னார்கள். எங்களிடம் முழுப்பெயர் ஒரே பத்தியில் இருந்தது. அவர்களுக்கு முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பத்தி வேண்டும்.

நீங்கள் யூடியூப் பார்த்து ஃபார்முலா போட்டீர்கள். பெயரில் முதல் இடைவெளி எங்கே என்று அது தேடும். இடைவெளிக்கு முன்னால் இருப்பது முதல் பெயர், பின்னால் இருப்பது கடைசிப் பெயர். என் பெயர் ஒழுங்காகப் பிரிந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அப்பா பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை, கொழுந்து கிள்ளப் போனாள். அவளுக்கு ஒரே சொல்தான் பெயர். இடைவெளியே இல்லாததால் அவள் வரியில் #VALUE! என்று பிழை வந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் பலருக்கும் அதுதான்.

பிழை வந்தால் முழுப்பெயரையும் முதல் பத்தியில் போடும்படி எழுதலாம், கடைசிப் பெயர் காலியாக இருந்தாலும் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று நான் சொன்னேன். நீங்கள் அதற்கான இஃப்எரர் ஃபார்முலாவைப் போட்டீர்கள். ஆனால் பிழை வந்த இடத்தில் இரண்டு பத்தியும் காலியாகும்படி போட்டீர்கள்.

"மேல ஆபீஸ்ல எர்ரர் தெரியக் கூடாது, அவ்வளவுதான். ஒத்தப் பேருக்காரங்கள அப்புறம் பாத்துக்கலாம்" என்றீர்கள்.

நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஃபைல் போய்விட்டது. முதல் பெயர் காலியாக இருந்த வரிகள் எல்லாம் தள்ளப்பட்டன. வந்த கார்டுகளில் அக்காவுடையது இல்லை. கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள். கார்டு இல்லை என்றதும் அந்தத் தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஜீப்பில் திரும்பும்போது அக்கா அழவில்லை. "உனக்கு அப்பா பேரும் சேத்துக் கிடைச்சிச்சு தம்பி. எனக்குக் கட்டிதான் கிடைச்சிச்சு" என்றாள்.

சரியான ஃபைலை மறுபடி அனுப்பினேன். இனி அடுத்த வருடம்தான் சேர்க்க முடியும் என்று பதில் வந்தது. யூனியன்காரர்கள் கேட்டதற்கு நீங்கள், தொழிலாளர்கள் பெயரை முழுசாகக் கொடுக்கவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். அக்கா வயிற்றைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறாள்.

தினமும் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது அவளை அந்த ஒரே பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறீர்கள். அவள் கை தூக்குகிறாள். வேலை வாங்க அந்தப் பெயர் போதுமாக இருக்கிறது. அதே களத்தில், எல்லோரும் நிற்கும்போது, மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள் சாரே: அவள் பெயரில் என்ன குறை? அவள் வரியைக் காலியாக்கியது யார்?