பச்சைப் பொட்டு

தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை அன்பரசு, வாடகைக் கார் ஓட்டுகிறவர். அவருடைய அப்பா வலை மிதவைகளுக்கெல்லாம் அடையாளமாகப் பச்சைப் பெயின்ட் வைப்பார். அந்தப் பழக்கத்தில் அன்பரசும், காரை சர்வீஸுக்கு விடுமுன் தேய்ந்துபோன முன்பக்க ஷாக் அப்சர்பர் இரண்டிலும் ஒரு பச்சைப் பொட்டு வைத்தார்.

கடலூர் சர்வீஸ் சென்டரில் அவை இரண்டையும் மாற்ற எஸ்டிமேட் ஒன்பதாயிரம் என்றார்கள். வியாழக்கிழமை கண்டிப்பாக டெலிவரி என்றார்கள். வியாழன் போயிற்று, வெள்ளிக்கிழமை வடலூர் சவாரியும் போயிற்று. திங்கட்கிழமைதான் வண்டி கிடைத்தது. பில் பதினாலாயிரம்.

"பழைய பார்ட்ஸ் எங்க?"

"ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார். இதுல அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க, சாவி தரேன்" என்று கவுன்ட்டர்காரர் கியூஆர் அட்டையை நீட்டினார்.

மஞ்சக்குப்பத்தில் சவாரி காத்திருந்தது. அன்பரசு பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து ஸ்டார் போட்டார். 'சரியான விலை, ஒரிஜினல் பார்ட்ஸ், சொன்ன தேதிக்கு டெலிவரி' என்று கவுன்ட்டர்காரர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினார்.

மஞ்சக்குப்பத்தில் இறங்கி, முன்சக்கரத்துக்கு உள்ளே டார்ச் அடித்தார். புழுதிக்கு நடுவில் பச்சைப் பொட்டு. மறுபக்கமும் அதே பொட்டு.

"அயோக்கியப் பசங்க!"

எழுதியதை அழித்து உண்மையை எழுத போனை எடுத்தார். அதற்குள் அது அடித்தது. ஸ்டாண்டில் கூடவே கார் ஓட்டும் சிங்காரம்.

"மச்சான், நீ எழுதுனதப் படிச்சுட்டு என் வண்டியயும் அங்கயே விட்டுட்டேன். எல்லாத்தயும் கழட்டிட்டாங்க. வியாழக்கெழம கண்டிப்பா குடுத்துடுவாங்களாம்."