அரை டிகிரி

ஜெபஷீலா தேனியை விட்டுப் போய் ஆறு வருடமாகிறது. ஆனால் 2003இல் அங்கே பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கழிந்த அந்த மதியத்தை நினைத்தால் அவளுக்கு இன்றும் சிரிப்பு வரும்.

எடை மாட்டிய இரும்புக் கையைச் சொன்ன கோணத்தில் மோட்டார் நிறுத்த, 'ஸ்லைடிங் மோடு' என்ற கட்டுப்பாட்டு முறையில் நிரல் எழுதியிருந்தாள். கோணத்தில் வரும் பிழையையும் அது மாறும் வேகத்தையும் சேர்த்து ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் முழு வோல்டேஜ், அந்தப் பக்கம் எதிர்த்திசையில் முழு வோல்டேஜ். கை சரியான கோணத்தில்தான் நின்றது. ஆனால் கோட்டைத் தாண்டித் தாண்டி மோட்டார் கடகடவென்று நடுங்கியது.

"மேடம், கியர் பல்லு போயிரும்," என்றார் டெக்னீஷியன் விஜயபாண்டி.

கோட்டின் இருபுறமும் மெல்லிய பட்டை ஒன்றை வைத்தாள். பட்டைக்குள், விலகலுக்குத் தக்க வோல்டேஜ் மட்டும். சத்தம் அடங்கியது. எடை இழுத்ததில் கை மட்டும் அரை டிகிரி தாழ்ந்தது. பட்டையைக் குறுக்கினால் மறுபடி நடுக்கம்.

"அரை டிகிரிக்காக மோட்டாரைக் கொல்லணுமா?" என்றார் விஜயபாண்டி.

இருவரும் சிரித்துவிட்டார்கள். பட்டையை அப்படியே விட்டுவிட்டு, அறிக்கையில் அந்த அரை டிகிரியை மறைக்காமல் எழுதினாள். விஜயபாண்டி இருவருக்கும் டீ வாங்கப் போனார்.