ஸ்டில்லில் விழாத நீலக்கோடு

அமராவதி அணைச் சாலையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உதவி இயக்குநர் மோகனப்பிரியா சினிமாஸ்கோப் கேமராவின் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தாள். எதிரே ஒரு ஜீப் விளக்கெரிய வளைவில் திரும்பியது. உடனே காட்சிச் சட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெல்லிய நீலக்கோடு ஒன்று நீண்டு, தண்ணீரில் மிதப்பதுபோல் மிதந்தது. அவளுக்கு மூச்சுவிடவே மனமில்லை.

ஸ்டில் கேமராவில் இருந்தது சாதாரண லென்ஸ். அதில் எடுத்த படத்தில் விளக்குகள் இரண்டு வெள்ளை வட்டங்களாக விழுந்திருந்தன, கோட்டைக் காணோம். கோவையில் சினிமா பேனர் வரைய அனுப்பும் படம் அதுதான். பின்புறம் குறிப்பு எழுதுவது அவள் வேலை. பலமுறை எழுதி அடித்தபின் இப்படி எழுதினாள்: "விளக்கிலிருந்து வெளிச்சம் இருபக்கமும் நீலமாக நீள்கிறது. மேலும் கீழும் பரவவில்லை. ஜீப் அந்த வெளிச்சத்தின்மேல் மிதந்து வருகிறது."

ஓவியர் ஆறுச்சாமி தன் பட்டறைக்கு வந்தவளிடம் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, போட்டோவுல வட்டமா இருக்குதுங்க. நீங்க கோடுன்னு எழுதியிருக்கீங்களே?"

"ஸ்கோப் லென்ஸ் வெளிச்சத்தை அப்படித்தானுங்க படுக்கையா இழுத்துப்போடும். நான் கண்ணால பார்த்தனுங்க."

அவர் குறிப்பை மறுபடி படித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப வண்டி அப்புறம்தானுங்க. மொதல்ல வெளிச்சத்தை வரைஞ்சுபோடறேன்."

பேனர் ஏறிய அன்று காந்திபுரத்தில் மழைமூட்டமாக இருந்தது. சாம்பல் வானத்தின்கீழ் அந்த நீலம் தெருவின் குறுக்கே நீண்டு கிடந்தது. மோகனப்பிரியா ஏற வேண்டிய உடுமலை பஸ் வந்து நின்று கிளம்பியது. அவள் ஏறாமல் பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.