கறுப்பு இரண்டு

எங்கள் ஊர் விட்டல் கோயில் பஜனையில் ஞானோபா கிலாரே முப்பது வருடமாக ஆர்மோனியம் வாசித்தார். புவா என்று ஊர் அழைக்கும் முன்பாட்டுக்காரர் சாவளாராமின் குரல் எங்கே போனாலும் ஞானோபாவின் விரல் பின்னாலேயே போகும். சாவளாராமுக்கு எப்போதும் கறுப்பு நாலுதான். நான்காவது கறுப்புக் கட்டைதான் ஸட்ஜம். பின்பாட்டுக்காரர்கள் பன்னிரண்டு பேரும் அந்த உயரத்துக்குத் தொண்டை கிழியக் கத்துவார்கள், முடியாதபோது வாயை மட்டும் அசைப்பார்கள்.

அந்த ஏகாதசிப் பகலில் ஞானோபா, எல்லோருக்கும் எட்டட்டும் என்று கறுப்பு இரண்டைப் பிடித்தார்.

"எவன்டா சுருதிய இறக்கச் சொன்னது?"

"எல்லாரும் பாடணும்ல, புவா."

"நான் பாடுறேன். அவனுங்க முனகட்டும்!"

சாவளாராமின் கையிலிருந்த பித்தளைத் தாளம் ஞானோபாவின் நெற்றியில் இறங்கியது. ரத்தம் கட்டைகளில் சொட்டியது. ஞானோபா கறுப்பு நாலுக்கு மாறினார்.

மேல் ஸட்ஜத்தில் சாவளாராமின் குரல் உடைந்து கீழே சரிந்தது. பழக்க தோஷத்தில் ஞானோபாவின் விரலும் கூடவே சரிந்தது. பின்பாட்டில் ஒருவன் சிரித்துவிட்டான்.

"என் தொண்ட போனத ஊருக்கே வாசிச்சுக் காட்டுறியா?"

சாவளாராம் உதைத்ததில் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி கிழிந்தது. அடுத்த உதையில் ஞானோபாவின் விரல்கள் கட்டைகளோடு நசுங்கின. மிருதங்கக்காரன் பாய்ந்து சாவளாராமின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

சிரித்தவனே நின்றுபோன பாட்டு வரியை எடுத்துப் பாடினான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நசுங்கிய கையை மார்போடு அணைத்தபடி ஞானோபா காதைக் கொடுத்துக் கேட்டார். பெட்டி இல்லாமலே கறுப்பு இரண்டில்தான் பாடினார்கள்.