ரீவொர்க் ஆகாத முட்டைச் சோறு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அடுப்பை நம்பி நான் ஏமாந்த அளவுக்கு மனிதர்களை நம்பி யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். எதையும் நன்றாகச் சூடு காட்டினால் சரியாகிவிடும் என்பது என் கொள்கை. மழையில் நனைந்த ஷூவைத் தோசைக்கல்லின் மேல் கவிழ்த்து வைத்தவன் நான். ஷூ காய்ந்துவிட்டது. அளவுதான் என் அக்கா மகனுக்குச் சரியாக இருந்தது.

இந்தக் கொள்கைக்கு என் வேலையும் ஒரு காரணம். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் நான் கான்ட்ராக்ட் ஆள். பெயிண்ட் அடித்த கார் பாடி, பெரிய அடுப்பு போன்ற ஓவனுக்குள் ஊர்ந்து போய், பளபளவென்று வெளியே வரும். எங்காவது குறை இருந்தால் ரீவொர்க்குக்குப் போகும், மறுபடி அடிப்பார்கள், மறுபடி ஓவன். அதைத் தினமும் பார்த்துப் பார்த்து, உலகத்தில் எல்லாக் குறைகளுக்கும் முடிவில் ஒரு ஓவன் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

பிள்ளைப்பாக்கத்தில் மாடியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தோம், நானும் நாசரேத் பக்கத்துப் பையன் ஒருவனும். அவனும் அதே கம்பெனிதான், அசெம்பிளி லைனில் டிரெய்னி. கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனர் அக்கா. எங்களிடம் பிரிட்ஜ் இல்லை. அக்கா தன் பிரிட்ஜில் ஒரு தட்டை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார். மாலை ஜெபம் ஆரம்பித்துவிட்டால் அவர் வீட்டுக் கதவு சாத்தப்படும், அதற்குமேல் நம் டப்பா விடியும்வரை நம் பொறுப்பு.

அந்தத் தட்டில் என் பெயர் நன்றாக இல்லை. ஒருமுறை மிஞ்சிய முட்டைக் குழம்பில் முழு முட்டையை எடுத்து அக்காவின் மைக்ரோவேவில் வைத்தேன். ஓவனுக்குள் சமத்தாகத்தான் இருந்தது. கதவைத் திறந்து கரண்டியால் லேசாகத் தொட்டேன், பட்டென்று வெடித்தது. உள்ளே அடைபட்ட ஆவிக்கு என் கரண்டிதான் வாசல் திறந்திருக்கிறது. மஞ்சள் கரு அக்காவின் மாதா படத்துக்கு அரை அடி தள்ளி நின்றது, அதுவரை என்னைக் காப்பாற்றியது மாதாவேதான். அன்றிலிருந்து மைக்ரோவேவ் எனக்குத் தடை.

இன்னொரு முறை, கொதிக்கக் கொதிக்க ஒரு பெரிய சட்டியை அப்படியே பிரிட்ஜுக்குள் ஏற்றினேன். அக்கா பார்த்துவிட்டார்.

"இப்டி கொதிக்கிறத வெச்சா பக்கத்துல கீற பாலும் கறியும் கெட்டுப்பூடும்பா. அகலமான டப்பால பரத்தி, கொஞ்சம் ஆவி அடங்குனதும் எட்தாந்து குடு. ஆறட்டும்னு ராத்திரி பூரா வெளில போட்டுறாத."

அவர் சொன்னதில் முதல் பாதியை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். சூடானதை பிரிட்ஜில் வைக்கக் கூடாது. பின்பாதியை ஒரு காது வாங்கி மறு காது வழியனுப்பியது. வழக்கம்தான், பள்ளிக்கூடத்திலும் எந்தக் கேள்விக்கும் நான் முதல் பாதிக்குத்தான் பதில் எழுதுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரூம்மேட்டுக்குப் பெர்மனென்ட் ஆவதற்கான செய்முறைத் தேர்வு வந்தது. திங்கட்கிழமை காலை, லைனிலேயே, சூபர்வைசர்கள் முன்னால் நின்று போல்ட்டை எல்லாம் வரிசை தப்பாமல் முடுக்கிக் காட்ட வேண்டும். அன்றைக்கு வராமல் போனால், அல்லது பாதியில் விட்டால், மறுபடி அடுத்த வருடம்தான். வீட்டில் தங்கையின் நர்சிங் படிப்பு அந்தத் தேர்வைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பையன் ஒரு வாரமாகத் தூக்கத்தில்கூட மணிக்கட்டைத் திருகிக்கொண்டிருந்தான்.

முந்தின வருடம் அதே மாதிரித் தேர்வில் தோற்ற அனுபவஸ்தன் என்கிற தகுதியில், அவனைத் தேற்றும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஞாயிறு மாலை ஒரு தட்டு முட்டை வாங்கி வந்து முட்டைக் குழம்பு, முட்டை ஃப்ரைடு ரைஸ், ஆம்லெட் என்று மூன்றும் செய்தேன். காலையில் கம்பெனி பஸ் சீக்கிரம் வந்துவிடும், சமைக்க நேரம் இருக்காது, ஆகவே மறுநாள் காலைக்கும் சேர்த்தே செய்தேன். திட்டமிடலில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

சாப்பிட்டு முடித்ததும் குழம்பையும் ஆம்லெட்டையும் இரண்டு டப்பாவில் போட்டு, ஜெபத்துக்கு முன்பே அக்காவிடம் கொடுத்துவிட்டேன். ஃப்ரைடு ரைஸ் மட்டும் ஒரு சட்டி நிறைய, இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. சூடானதை வைக்கக் கூடாதே. மூடி போட்டு அடுப்பு மேலேயே விட்டுவிட்டு, ஆறட்டும் என்று படுத்து போனைத் திறந்தேன். கீழே ஜெபம் தொடங்கியது, கதவு சாத்தப்பட்டது. நான் போனை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறேன். சித்திரை மாதத்து ராத்திரி, தகர ஷீட் கூரை, மூடிய சட்டி. சோறு ஆறவே இல்லை, ராத்திரி முழுக்கக் கதகதப்பாக இருந்திருக்கிறது, தொட்டிலில் கிடப்பது மாதிரி.

காலையில் மூடியைத் திறந்து முகர்ந்தேன். வாசனை பிரமாதம். பிசுபிசுப்பு இல்லை, புளித்த வாடை இல்லை. ஒரு பருக்கை வாயில் போட்டேன், ருசி நேற்றைவிட மேல். இருந்தாலும் பொறுப்புள்ளவன் அல்லவா, பெரிய தீயில் வைத்து, அடிப்பிடிக்கும் வரை கிளறி, புகை வரும் வரை சூடாக்கினேன். என் ஓவன், என் ரீவொர்க். இரண்டு தட்டில் போட்டு, ஒன்றை அவன் முன்னால் வைத்தேன்.

அவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே தட்டைப் பார்த்தான், அப்புறம் அடுப்பைப் பார்த்தான்.

"ஏல, இது ராத்திரி பூரா இங்கனயா கெடந்துச்சு?"

நான் ஆவியைக் காட்டினேன். இந்தச் சூட்டில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும், உன் ஊரில் கிருமிக்கு ஹெல்மெட் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். அவனுக்குப் பசி. பஸ்ஸுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. ஒரு கரண்டி அள்ளியும்விட்டான்.

அப்போது அக்கா கீழேயிருந்து குரல் கொடுத்தார். பரீட்சைக்குப் போகிற பையன் என்று, அவர் சுட்ட தோசையோடு எங்கள் டப்பாக்களையும் சூடு பண்ணி வைத்திருந்தாராம். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனான். என் சமையலுக்கு எதிரில் இன்னொரு அடுப்பா என்கிற ரோஷத்தில் நானும் பின்னால் போனேன்.

அக்கா செய்ததைப் பார்த்தேன், ஒரு வித்தையும் இல்லை. குழம்பில் அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்திருக்கிறார். முட்டைகளை இரண்டாக அரிந்து போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, நடுவிலும் தளதளவென்று கொதிக்கும் வரை கிளறியிருக்கிறார். ஆம்லெட்டைத் தோசைக்கல்லில் மூடி வைத்து, திருப்பிப் போட்டு, நடுவில் பிய்த்துப் பார்த்து, அங்கிருந்தும் ஆவி வந்தபிறகுதான் தட்டில் வைத்திருக்கிறார். ஒருமுறை சூடு காட்டியது திரும்பத் தன் பிரிட்ஜுக்கு வரக் கூடாது என்பது அவர் சட்டம். இதற்கு இவ்வளவு பயமா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே மாடிக்குத் திரும்பினேன்.

இரண்டு தட்டு சோறு காத்திருந்தது. அவமானப்பட்ட சமையல்காரன் என்ன செய்வான்? இரண்டையும் தின்றேன். அவன் தட்டைத் தின்றபோது கொஞ்சம் கூடுதல் பெருமிதத்தோடுதான் தின்றேன்.

டீ பிரேக்குக்கு முன்பே வயிற்றுக்குள் யாரோ துணி பிழிய ஆரம்பித்தார்கள். பெயிண்ட் ஷாப்பின் வெள்ளை உடுப்பில், வாந்தி வருவதற்குள் ஜிப்பைத் திறப்பது ஒரு கலை, அது எனக்கு வரவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். லைனைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். பெயிண்டில் தூசி விழாமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன், ஃப்ரைடு ரைஸையே விழவைத்துவிட்டேன்.

ஃபர்ஸ்ட் எய்ட் அறையில் நர்ஸ் சிஸ்டர் உப்புச் சர்க்கரைக் கரைசலை மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தபடி என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். சொன்னேன். சூடு பண்ணித்தான் சாப்பிட்டேன் என்று வலியுறுத்தியும் சொன்னேன்.

"சோறு ராத்திரி வெளிய இருந்தப்பவே அதுல கிருமி வளந்து விஷத்தக் கக்கிட்டுதுப்பா. காலைல நீ சூடு பண்ணது கிருமிக்கு. விஷம் அப்டியேதான் இருக்கும்."

சாதம் வெந்தபோதே எல்லாம் செத்திருக்காதா என்று கேட்டேன். சில கிருமிகள் விதை மாதிரி ஓடு போட்டுக்கொண்டு கொதியையும் தாங்கிவிடும், பிறகு கதகதப்பு கிடைத்தால் முளைக்கும் என்றார். வாசனையில் தெரியவே தெரியாதாம்.

படுத்துக்கொண்டே யோசித்தபோதுதான் உறைத்தது. பெயிண்டுக்கு அடியில் தூசி சிக்கிவிட்டால், அப்படியே ஓவனில் ஏற்றுவதால் தூசி போகாது. இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தபிறகுதான் ஓவன். இதை நான் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். சோற்றைத் தேய்த்து எடுக்க உப்புத்தாள் கிடையாது. குப்பைத்தொட்டிதான் அதற்கு ரீவொர்க்.

நான் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் பக்கத்துக் கட்டடத்தில் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அந்த ஒரு கரண்டி அவன் வாய்க்குப் போயிருந்தால் என்று நினைத்தேன், வாந்தி மறுபடி வந்தது. இந்தமுறை அது சோற்றால் அல்ல.

மத்தியானம் அவன் வந்து எட்டிப் பார்த்தான். போல்ட் எல்லாம் வரிசையாக உட்கார்ந்ததாம். சூபர்வைசர் தோளில் தட்டி, தங்கைக்கு ஃபீஸ் கட்டச் சொல்லிவிடு என்றாராம். சொல்லிவிட்டு என் வாளியைப் பார்த்தான்.

சாயங்காலம் கைத்தாங்கலாக என்னை அறைக்குக் கூட்டி வந்தான். அடுப்பு மேல் சட்டி அப்படியே இருந்தது, அடிப்பிடித்த சோறு இன்னும் ஒரு பிடி கிடந்தது. உடம்பு கொஞ்சம் தேறிவிட்டதாலோ என்னவோ, என் பழைய நாக்கும் தேறிவிட்டது. ஒரு விதத்தில் பார்த்தால் உன் பங்கு விஷத்தையும் நான்தான் தின்றேன், நீ பெர்மனென்ட் ஆனதில் என் தியாகமும் இருக்கிறது, முதல் மாதச் சம்பளத்தில் என்னை மறந்துவிடாதே என்று படுத்தபடியே பிரசங்கம் செய்தேன்.

அவன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"மொதல்ல அந்தச் சட்டியக் கழுவுடே."