ஏலக் குரலும் அதிமதுர வில்லையும்

என் கணவர் பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் ஏலம் விடுபவர். விடிந்ததும் பெட்டிகளுக்கு நடுவே நின்று விலை கூவத் தொடங்கினால், கடைசிப் பெட்டி போகும்வரை நிறுத்த முடியாது. குரல் போய்விட்டால் வேலையும் போனதுதான். வேறொருவரை அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அதனால் அந்த மண்டியில் ஏலம் விடுகிறவர்கள் அதிமதுர வில்லையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே கூவுவார்கள். ஒன்று கரைந்தால் இன்னொன்று. இடையிடையே டீக்கடையிலிருந்து அதிமதுரம் தட்டிப் போட்ட டீ வரும்.

இவருக்கு ரத்த அழுத்தம் பல வருடமாக உண்டு. ஒழுங்காக மாத்திரை போட்டு, அது சொன்னபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தது. போன பனிக்காலத்தில் தொண்டை கட்டியது. சளி போன பிறகும் கரகரப்பு போகவில்லை. மண்டியோடு நின்ற வில்லை வீட்டுக்கும் வந்துவிட்டது. டிவி பார்க்கும்போது ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று. மாதக்கணக்கில் இப்படியே ஓடியது.

அடுத்த முறை அழுத்தம் பார்த்தபோது ஏகத்துக்கும் ஏறியிருந்தது. எங்கள் ஊர் டாக்டர் நீர் பிரியும் மாத்திரை ஒன்றைக் கூடுதலாக எழுதிவிட்டு என்னைத்தான் பார்த்தார். "உப்பக் குறைங்கம்மா." குறைத்தேன். ஊறுகாய் ஜாடியைத் தங்கச்சி வீட்டுக்கே அனுப்பினேன். குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை. அப்படியும் அழுத்தம் இறங்கவில்லை.

வீட்டில் சண்டை தொடங்கியது. "பஸ் ஸ்டாண்டுல பஜ்ஜி துண்ணுட்டு வந்து எம்மேல பழி போடறீங்க" என்றேன் நான். "நீ உப்பு போட்டுட்டுத்தான் போடலன்னு சொல்ற" என்றார் அவர். இரண்டு பேரும் மனதாரத்தான் சந்தேகப்பட்டோம். அவர் முகம் உப்பி, பாதம் வீங்கி, நாளுக்கு நாள் எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது.

ஒரு நாள் மண்டியிலிருந்து வந்தவர் பஸ் படியில் இறங்க முடியாமல் நின்றுவிட்டார். கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பக்கவாதம்தான் என்று நினைத்து, அழுதுகொண்டே தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ரத்தம் எடுத்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா அவர் கட்டில் பக்கத்திலேயே வந்து நின்றார்.

"பொட்டாசியம் ரொம்ப இறங்கியிருக்குங்க. வேற ஏதாச்சும் மருந்து எடுக்கறீங்களா?"

"இல்லீங்க. குடுத்த மாத்திரை மட்டுந்தான்."

"வாயில என்ன?"

"இதுங்களா? அதிமதுரங்க, தொண்டைக்கு. மருந்தெல்லாம் இல்லீங்க, வெறும் வேருதான்."

டாக்டரம்மா ஒரு காகிதத்தை நீட்டினார். "துப்புங்க."

பிறகு எங்களுக்குப் புரியும்படி சொன்னார். அதிமதுரத்தில் இருக்கும் ஒரு சத்து உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கி வைத்துவிடுமாம், பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியே தள்ளிவிடுமாம். வில்லையானாலும் டீயானாலும் ஒன்றுதான். "நீர் பிரியற மாத்திரையும் பொட்டாசியத்தத்தான் வெளிய தள்ளும். ரெண்டும் சேந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இதயத்துடிப்பே தாறுமாறாப் போயிருக்கும். பிரஷர் இருக்கறவங்க இதத் தொடவே கூடாதுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தை இன்னும் மறக்கவில்லை. நான் உப்பில்லாமல் ஆக்கிப்போட, இவர் நாளெல்லாம் அதையே உடம்பில் தேக்கிக்கொண்டிருந்திருக்கிறார். திட்ட வாயெடுத்தேன். கட்டிலில் குழந்தை மாதிரி விழித்துக்கொண்டு படுத்திருந்தவரைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

பொட்டாசியம் ஏற்றினார்கள். கால் திரும்பியது. வில்லையை விட்ட பிறகும் அழுத்தம் மெல்ல மெல்லத்தான் இறங்கியது. அதற்குச் சில வாரமாகும் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். தொண்டைக்கு ஆவி பிடிக்கலாம், உப்புத் தண்ணீரில் கொப்பளித்துத் துப்பலாம் என்றார்கள். விழுங்கிவிடப் போகிறாரே என்று நான் பக்கத்திலேயே நிற்பேன்.

மறுபடியும் மண்டிக்குப் போனார். பாதி ஏலத்திலேயே குரல் உடைந்துவிடுகிறது. மண்டிக்காரர் மீதியை இன்னொருவரிடம் கொடுத்துவிடுகிறார். அந்த ஆள் கன்னத்தில் வில்லையோடு கணீரென்று கூவுகிறார். "ஒண்ணே ஒண்ணு போட்டா என்னாயிடும்?" என்று இவர் என்னிடம் கேட்கிறார். அந்தக் குரல்தான் அவருக்கு மரியாதை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கூடாது என்கிறேன்.

தொண்டை கட்டி, காற்றாகப் பேசிக்கொண்டு வீடு வரும் நாட்களில் நான் நிம்மதியாகச் சோறு போடுகிறேன். போன வாரம் வாசலிலிருந்தே என்னைக் கூப்பிட்டார். குரல் பழையபடி மணி மாதிரி இருந்தது. ஓடிப்போய், "வாயத் தெறங்க" என்றேன்.

"இன்னிக்கு லோடு வரல. ஏலமே இல்லம்மா" என்றார். சொல்லிவிட்டு, நான் நம்பட்டும் என்று வாயைத் திறந்து காட்டினார்.